பள்ளிக்குப் போகப் பயப்படும் பிள்ளையும் மட்டம் போடும் பிள்ளையும்: திருநெல்வேலிப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"காலைல எந்திரிச்சதும் வயித்த வலிக்குன்னு சுருண்டு படுத்துக்கிடுதா. பஸ் போனதும் பத்து மணிக்கெல்லாம் சரியாயிருது. நடிக்காளா?"

இல்லை. வலி நிஜம். பயம் வந்தால் பல பிள்ளைகளுக்கு உடம்பு அதை வயிற்றில்தான் காட்டும். குடல் இறுகும், குமட்டும், சில பிள்ளைகளுக்கு நாலு தடவை கக்கூசுக்குப் போக வேண்டி வரும். பரீட்சை அன்று பெரியவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. பஸ் போன பிறகு வலி நிற்பதைப் பார்த்துத்தான் வீட்டில் "பொய்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பயந்த விஷயம் அன்றைக்கு இனி வராது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, அதனால் வலி நின்றது. அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம், லீவு நாளிலும் அதே நேரத்துக்கு வரும் வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அடுத்தடுத்து ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அலையாதீர்கள். ஒவ்வொரு பரிசோதனையும் "எனக்குள்ள ஏதோ பெரிய வியாதி இருக்கு" என்ற எண்ணத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும்.

"பக்கத்து வீட்டுப் பையனும் பள்ளிக்கூடம் போறதில்ல, எம் மகளும் போறதில்ல. ரெண்டும் மட்டந்தானே?"

இரண்டு பேரும் காலை பத்து மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் மகள் வீட்டில், உங்கள் கண் முன்னால், அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பையன் யூனிபார்ம் போட்டு, பை மாட்டி, நேரத்துக்குக் கிளம்பிப் போயிருக்கிறான். ஆற்றுப் படித்துறையிலோ, கூட்டாளி வீட்டிலோ, கிரிக்கெட் ஆடும் பொட்டலிலோ இருக்கிறான். அவன் பள்ளிக்குப் போகவில்லை என்பது அவன் அம்மாவுக்குத் தெரியாது. அதுதான் மட்டம் போடுவது.

பயந்து மறுக்கும் பிள்ளை பொதுவாக மறைப்பதில்லை. அதற்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டுக்கு அட்டை போட்டு, "நாளைக்குக் கண்டிப்பாப் போறேன்" என்று மனதாரச் சொல்லும். திங்கள் விடிந்தால் முடியாது. மட்டம் போடும் பிள்ளைக்கு இந்தப் போராட்டம் இருக்காது. வெளியே ஏதோ ஒன்று அவனை இழுக்கிறது, அல்லது பாடம் புரியாமல் வகுப்பே அவனைத் தள்ளிவிட்டிருக்கிறது.

மருத்துவர்களும் இந்த இரண்டையும் ஒரு காலம்வரை ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். 1932இல் பிராட்வின் என்பவர் மட்டம் போடும் பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, அவர்களில் சிலர் ஊர் சுற்றப் போகாமல் அம்மாவிடமே ஓடி வருவதைக் கவனித்தார். 1941இல் ஜான்சனும் அவருடன் வேலை பார்த்தவர்களும் அதற்குப் 'பள்ளி அச்சம்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது 'பள்ளி மறுப்பு' என்கிறோம். பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், ஒன்றுக்குச் செய்வது மற்றதற்குக் கெடுதல். மட்டம் போடுபவனுக்குத் தினசரி வருகையைப் பள்ளியும் வீடும் பேசிச் சரிபார்ப்பதும், எந்தப் பாடத்தில் விழுந்துவிட்டான் என்று கண்டுபிடித்துத் தூக்கிவிடுவதும் வேண்டும். பயந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் அவனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டும் படிப்படியான திட்டம் போட்டு, "ஒரு பீரியட் இருந்தாப் போதும்" என்றால் மீதி நாள் முழுவதும் அவனுக்கு அனுமதியோடு கிடைத்த லீவாகிவிடும். பயந்த பிள்ளையைக் கண்காணித்துத் தண்டித்தால் பயம்தான் கூடும்.

"எம் மவன் யூனிபார்ம் போட்டுட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கான். அப்போ அது மட்டம்னு வச்சுக்கிடலாமா?"

தனியாகவா, கூட்டத்தோடா? அதைக் கேளுங்கள். சாயங்காலம் வரை ஒற்றையாக ஒரு மூலையில் உட்கார்ந்து, கொண்டுபோன சாப்பாட்டையும் அங்கேயே தின்றுவிட்டு வந்திருக்கிறான் என்றால் அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. அது பயம். வீட்டில் சொன்னால் அடி விழும் என்பதால் மறைத்திருக்கிறான். இப்படிப் பிடிபட்ட பிள்ளைகளில் சிலர், "அப்பாடா, தெரிஞ்சுபோச்சு" என்பதுபோல் உடைந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

"கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும், மனசு தெளிஞ்சதும் தானாப் போவான்னு விட்டா என்ன?"

தெளியாது. பாசத்தால் செய்யும் இந்த ஒரு காரியம்தான் பயத்தை வேரூன்ற வைக்கிறது.

காலை எட்டரைக்குப் பயம் உச்சத்தில் இருக்கிறது. "சரி, இன்னைக்குப் போகாண்டாம்" என்கிறீர்கள். அந்த நொடியே பிள்ளைக்கு நிம்மதி. போகாமல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று உடம்பு படித்துக்கொள்கிறது. மறுநாள் அதே எட்டரைக்குப் பயம் இன்னும் கொஞ்சம் பலமாக வரும். இதற்கிடையே பாடம் போகிறது, கூட்டாளிகள் வேறு ஆளோடு சேர்ந்துவிடுகிறார்கள், "ஏன் வரல?" என்ற கேள்விக்கு என்ன சொல்வது என்ற புதுப் பயமும் சேர்கிறது. பத்து நாள் வீட்டில் இருந்த பிள்ளைக்குப் பயப்பட இரண்டு காரணம் என்றால், இரண்டு மாதம் இருந்த பிள்ளைக்கு ஏழெட்டு இருக்கும்.

அதனால் போகாமல் இருந்தது மூன்று நான்கு நாள்தான் என்றால் படிப்படித் திட்டமே வேண்டாம். வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு, நாளைக்கே முழு நாளாக அனுப்புங்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டியவர்களுக்குத்தான் படி கட்ட வேண்டியிருக்கிறது.

"அவுக அப்பா ரெண்டு வச்சு, வண்டில தூக்கிப் போட்டுக் கொண்டு விடுதேங்காக. அது சரியா வருமா?"

ஒரு நாள் வரும். மறுநாள் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். அடிபட்டுக் கேட்டில் இறக்கிவிடப்பட்ட பிள்ளை, பயம் தானாக இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்வதில்லை. பள்ளிக்கூடம் என்றாலே இந்தக் காலைதான் என்று படித்துக்கொள்கிறது. அப்பா செய்ய வேண்டிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. அம்மா பக்கத்தில் இருந்தால் அழுகை கூடும் பிள்ளையை, முகம் மாறாமல், அதிகம் பேசாமல் கொண்டுபோய்விட ஒருவர் வேண்டும். அப்பாவோ, மாமாவோ, தாத்தாவோ, வீட்டில் யார் பதறாத ஆளோ அவர்தான் போக வேண்டும்.

"படிப்படியாக் கொண்டு போணும்ங்கிறீங்க. எங்கிருந்து ஆரம்பிக்க, எப்படிக் கூட்ட?"

ஒரு பிள்ளையை வைத்தே சொல்கிறேன். பல பிள்ளைகளிடம் பார்த்ததை ஒருத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். ஐந்தாம் வகுப்புவரை உள்ளூர்ப் பள்ளி, மொத்தமே நாற்பது பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போய்ப் பெரிய பள்ளி. அம்மா வீட்டில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார், அப்பா வெளியூரில் வேலை. ஜூன் முதல் நன்றாகப் போனவள், தீபாவளி சமயத்தில் காய்ச்சலில் எட்டு நாள் படுத்தாள். திரும்பிப் போன அன்று காலைப் பிரேயரில் வெயிலில் நின்று வாந்தி எடுத்துவிட்டாள். வரிசையில் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் போகவில்லை.

முதல் வேலை, அவள் பயப்படுவது எதற்கு என்று பிரித்துப் பார்த்தது. "பள்ளிக்கூடம்" என்பது ஒரே பயம் இல்லை. ஒரு நோட்டை எடுத்து, பூஜ்யம் என்றால் பயமே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது என்று வைத்து, அவளையே மார்க் போடச் சொன்னோம். யூனிபார்ம் போட்டு வீட்டில் உட்கார்வது 2. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு கேட்டுக்குப் போவது 3. ஆளில்லாத வகுப்பில் உட்கார்வது 4. பள்ளி நடக்கும்போது நூலக அறையில் இருப்பது 5. கடைசிப் பீரியட் வகுப்பில் 6. மதியத்துக்கு மேல் முழுவதும் 7. காலை இடைவேளையிலிருந்து 8. பிரேயரில் கடைசி ஆளாக நிற்பது 9. பிரேயரில் தன் இடத்தில் நிற்பது 10. கணக்குப் பாடமோ டீச்சரோ இந்தப் பட்டியலில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்காமல் இருந்திருந்தால் கணக்குக்கு டியூஷன் வைத்திருப்பார்கள்.

புதன்கிழமை ஆரம்பித்தோம். திங்கள் வேண்டாம் என்பது என் அனுபவம். சனி, ஞாயிறு கழிந்து வரும் காலைதான் எல்லாவற்றிலும் கனமானது. வாரத்தின் நடுவில் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் ஜெயித்த தெம்போடு லீவுக்குள் போகலாம். புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவோடு கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் இருபது நிமிடம். வியாழன் வராந்தா வழியாக வகுப்புக்குள் போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே, நூலகத்தில் போய் உட்கார்ந்து கடைசி மணி அடிக்கும்வரை இருந்தாள். ஐந்து என்று போட்டிருந்தாள். உள்ளே நுழைந்தபோது ஏழு ஆனது, மணி அடிக்கும்போது மூன்றுக்கு வந்திருந்தது. "தன்னாலே குறைஞ்சிட்டு" என்று அவள் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இரண்டாம் வாரம் திங்கள் புதிதாக எதுவும் இல்லை, அதே நூலகம். செவ்வாய் கடைசிப் பீரியட் மட்டும் வகுப்பில். அன்றைக்கு ஓவியம் என்பதால் அந்த நாளைத் தேர்ந்தோம். புதன், வியாழன் கடைசி இரண்டு பீரியட். வெள்ளி மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து. மூன்றாம் வாரம் காலை இடைவேளையிலிருந்து. நான்காம் வாரம் பிரேயர் முடிந்ததும் வந்து முழு நாள். ஐந்தாம் வாரம் பிரேயரில் வரிசையின் கடைசியில், நிழலில். பிறகு தன் இடத்தில்.

கடைசிப் பீரியடிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனதற்குக் காரணம் உண்டு. அப்படிச் செய்தால் அவள் கிளம்பும் நேரம் எல்லாரும் கிளம்பும் நேரம். தப்பித்து ஓடுவதாக அவளுக்கும் தோன்றாது, பார்க்கிறவர்களுக்கும் தோன்றாது. அம்மாவைப் பிரியும் அந்தக் காலை நேரம்தான் பயம் என்றால் கதை வேறு. அந்தப் பிள்ளைக்குக் காலை முதல் பீரியடிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பஸ்ஸுக்குத் தனி ஏணி. முதலில் அம்மா பக்கத்துச் சீட்டில், பிறகு நாலு வரிசை பின்னால், பிறகு சித்தி மகளோடு. இன்னொரு சின்ன விஷயமும் இருந்தது. வாந்தி வந்துவிடுமோ என்று காலையில் எதுவும் சாப்பிடாமல் இருந்தாள். வெறும் வயிற்றில் குமட்டும். குமட்டினால் "பாத்தியா, வருது" என்று பயம் கூடும். அரை இட்லியில் ஆரம்பித்து இரண்டு இட்லிக்கு வர ஒரு வாரம் ஆனது. பாதிக் குமட்டல் அதிலேயே போனது.

"பாதில அழுது, 'வீட்டுக்குப் போணும்'னு நின்னா என்ன செய்ய?"

இந்தத் திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடிகாரம் பார்த்துக் கிளம்ப வேண்டும், பயம் பார்த்துக் கிளம்பக் கூடாது. நாற்பது நிமிடம் என்று பேசியிருந்தால் நாற்பது நிமிடம். நன்றாக இருக்கிறாளே என்று ஒன்றரை மணி நேரமாக நீட்டினாலும் தப்பு. அடுத்த நாள் உங்கள் வார்த்தையை நம்ப மாட்டாள். பயம் உச்சிக்கு ஏறியவுடன் கிளப்பிக்கொண்டு வந்தால், கிளம்பியதால்தான் பிழைத்தேன் என்ற பழைய பாடத்தையே மறுபடி சொல்லிக்கொடுத்ததாகும். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணிக்குள் பயம் பாதியாக இறங்கிவிடும். வகுப்பில் உட்கார முடியாவிட்டால் நூலகத்துக்கு வரலாம், தண்ணீர் குடிக்கலாம், பத்து நிமிடம் கழித்து வகுப்புக்குத் திரும்பலாம். பள்ளியின் கேட்டைத் தாண்டக் கூடாது.

சறுக்கல் வரும். நம் பிள்ளைக்கு மூன்றாம் வாரம் வந்தது. வகுப்பாசிரியர் லீவு, அவருக்குப் பதிலாக வந்தவருக்கு விவரம் தெரியாது. "ஏம்மா இத்தனை நாள் வரல?" என்று எழுப்பிக் கேட்டுவிட்டார். மறுநாள் காலை பழையபடி சுருண்டு படுத்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் எடுத்த முடிவு நல்ல முடிவு. முதல் படிக்கு இறக்கவில்லை, ஒரே ஒரு படி இறக்கினார்கள். காலை இடைவேளைக்குப் பதில் மதியம் அனுப்பினார்கள். இரண்டு நாளில் பழைய இடத்துக்கு வந்தாள். ஒரே படியில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றுவிட்டால் மட்டும் அந்தப் படி பெரிது என்று அர்த்தம். நடுவில் அரைப்படி ஒன்று வைக்க வேண்டும்.

"பள்ளிக்கூடத்துல என்னன்னு சொல்லிக் கேக்க? டீச்சர் ஒத்துக்கிடுவாங்களா?"

தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் சேர்த்துப் பாருங்கள். "பிள்ளைக்கு மனசு சரியில்ல" என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள். கேட்டில் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார், தாங்க முடியாவிட்டால் எந்த அறையில் உட்காரலாம், வகுப்பில் எதைக் கேட்கக் கூடாது, எந்தத் தேதியில் எந்த நேரத்துக்கு வருவாள். பதிலுக்கு வரும் ஆசிரியருக்கும் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும் என்பதை மேலே சொன்ன கதையிலிருந்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள். விட்ட பாடத்தையெல்லாம் எழுதி முடித்துவிட்டு வா என்ற நிபந்தனையைத் தயவுசெய்து தள்ளிப்போடச் சொல்லுங்கள். அது ஒன்றே பிள்ளையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிவிடும்.

கூட்டாளிகளுக்குச் சொல்ல ஒரு வரியைப் பிள்ளையோடு உட்கார்ந்து பழக்குங்கள். "காய்ச்சல் வந்து உடம்பு முடியாமப் போச்சு, இப்போ பரவால்ல." நம் பிள்ளைக்கு இது உண்மையும்கூட.

"வீட்டுல இருக்க நேரம் நான் எப்படி நடந்துக்கிட?"

பள்ளி நேரத்தில் வீடு பள்ளியைவிடச் சுவையாக இருக்கக் கூடாது. டிவி, போன் வேண்டாம். காலையில் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, யூனிபார்ம் போட்டு, பாடப் புத்தகத்தோடு உட்காரட்டும். நாலரை மணிக்குப் பிறகு எல்லாம் வழக்கம்போல. இது தண்டனை இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள், குரலிலும் அது தெரிய வேண்டும். பீடி சுற்றும் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அம்மா நாள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதால், பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டு கதை பேசுவது பிள்ளைக்குப் பரம சுகம், அம்மாவுக்கும் துணை. அந்தப் பேச்சைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

காலையில் "வலிக்கா? இப்பவும் வலிக்கா?" என்று கேட்காதீர்கள். பிள்ளை சொன்னால், "வலிக்கும்தான், பயத்துல வாற வலி. மூணு மணிக்கு நூலகம் போறோம்" என்று ஒருமுறை சொன்னால் போதும்.

திருநீறு போட்டுவிடுவதோ, கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போவதோ தப்பில்லை. யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்ற பேச்சு மட்டும் பிள்ளையின் காதில் விழ வேண்டாம்.

"எம் பையன் போமாட்டேங்கான். கேட்டா, கூடப் படிக்கிறவனுவ சாதி சொல்லித் தொல்லை பண்ணுதான்வன்னு இப்போதான் சொல்லுதான். அவனுக்கும் இந்தத் திட்டம்தானா?"

வேண்டாம். படிகள், மார்க் எல்லாவற்றையும் மூடிவையுங்கள். பயத்துக்கு நிஜக் காரணம் இருக்கும்போது, பயத்தைப் பழக்குவது பிள்ளையை ஆபத்துக்குப் பழக்குவதாகிவிடும்.

நம் மாவட்டத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், அதற்கு முன் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். உடன் படித்தவர்களின் தொல்லைதான் காரணம். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளையிடம் "ஏன்?" என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அந்தச் செய்திக்குப் பிறகுதான் உறைத்தது.

எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பையன் பெயர் வெளியே தெரிந்து பழிவாங்கல் வராதபடி என்ன பாதுகாப்பு என்று முதலிலேயே கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. ஆசிரியர் அடிக்கிறார், அவமானப்படுத்துகிறார் என்றால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. யாராவது தொட்டார்கள், தப்பாக நடந்தார்கள் என்று பிள்ளை சொன்னால் அது போக்சோ சட்டத்தில் வரும், விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். தொல்லை நின்று, பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறான் என்பது உறுதியான பிறகும் பயம் மிச்சமிருந்தால் அப்போது படிகளுக்கு வரலாம்.

"எப்போ டாக்டரப் பாக்கணும்?"

லீவு நாளிலும் சிரிப்பில்லை, விளையாட்டில்லை, தூக்கமில்லை என்றால். சாவைப் பற்றிப் பேசினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் அன்றைக்கே. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக முயன்றும் ஒரு படிகூட ஏறவில்லை என்றாலும். பாளை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் முதலில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. சத்தம், கூட்டம், சட்டைத் துணியின் உரசல் இவையே தாங்காத ஆட்டிசப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன "இருந்தால் இறங்கும்" என்ற கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு முதலில் சூழலை மாற்ற வேண்டும், அதைத் தெரிந்தவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

"இப்போ ஒழுங்காப் போறா. அரையாண்டு லீவு முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சிருமோன்னு பயமா இருக்கு."

முதல் நாள் காலை வயிறு வலிக்கும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைக்கும் வலித்தது. லீவின் கடைசி இரண்டு நாளில் பள்ளி நேரத்துக்கே எழுப்பி, முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸில் கேட்டுவரை போய்வந்தார்கள். திறந்த அன்று முழு நாளாகவே அனுப்பினார்கள், அரை நாள் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. பழைய நோட்டு பைக்குள் இருந்தது. அன்று சாயங்காலம் பிரேயருக்கு எதிரே 4 என்று எழுதியிருந்தாள்.